இரணைமடு எண்டு எழுதின பலகை

எனக்கு வாய் கூட. இதை ஆரும் சொல்லித்தான் எனக்குத் தெரியவேணும் எண்டில்லை. இருபத்திரண்டு வருசம் நேர்ஸ் வேலை, அதில ஒன்பது வருசம் டயாலிசிஸ் பிரிவில. சிறுநீரகம் செத்துப்போன சனத்தின்ர ரத்தத்தை மெசினுக்குள்ள விட்டுச் சுத்தப்படுத்தி, உடம்பில தேங்கி நிக்கிற தண்ணியையும் இழுத்து வெளியில விடுற இடம் அது. வன்னியில ஒரு ஆஸ்பத்திரி. எது எண்டு கேட்க வேண்டாம்.

எங்களிட்ட வாற ஆக்களுக்கு மூத்திரம் போறது கிட்டத்தட்ட நிண்டுபோயிருக்கும். குடிக்கிற தண்ணி எல்லாம் உள்ளுக்கதான் நிக்கும். அதால ஒரு நாளைக்கு அரை லீற்றர் போத்தல் ஒண்டு, அவ்வளவுதான் கணக்கு. தேத்தண்ணி, சொதி, கஞ்சி எல்லாம் அதுக்குள்ள அடங்கவேணும். சித்திரை வெய்யிலுக்க வயலால வாற மனிசனிட்டப் போய் அரை லீற்றரோட இரு எண்டு சொல்லுறது லேசான கதையில்லை. சொல்லித்தான் ஆகவேணும். மீறிக் குடிச்சால் நுரையீரலுக்க தண்ணி ஏறி மூச்சுத் திணறிச் சாவினம். நான் ரெண்டு பேரை அப்பிடிப் பாத்தனான். அதுக்குப் பிறகுதான் என்ர வாய் கூடினது.

வாசலில ஒரு தராசு. ஒவ்வொருத்தருக்கும் 'உலர் நிறை' எண்டு ஒரு இலக்கம் இருக்கும். அதாவது, உடம்பில கூடுதல் தண்ணி ஒண்டும் இல்லாட்டி அவர் எத்தினை கிலோ எண்டது. வந்த உடனே தராசில ஏத்தி, அந்த இலக்கத்தைக் கழிச்சால், எவ்வளவு தண்ணி இழுக்கவேணும் எண்டு தெரியும். அந்த மிச்சத்தைச் சுவரில இருக்கிற வெள்ளைப் பலகையில எழுதுவன். எழுதி, பக்கத்தில ஒரு பேரும் போடுவன். ஒரு கிலோ எண்டால் துரவு. ரெண்டுக்குள்ள எண்டால் வவுனிக்குளம். மூண்டுக்குள்ள முத்தையன்கட்டு. அதுக்கு மேல போனால் இரணைமடு. துரவு எண்டால் தோட்டத்தில வெட்டின சின்னக் கிணறு, மற்ற மூண்டும் எங்கட பக்கத்துக் குளங்கள், இரணைமடுதான் ஆகப் பெரிசு.

இது நான் கொண்டுவந்த வழக்கம். சனத்துக்கும் பிடிச்சிருந்தது. "இண்டைக்கு ஆருக்கு வான் பாயுது?" எண்டு, ஆற்ற குளம் நிரம்பி வழியுது எண்ட மாதிரி, கேட்டுக்கொண்டுதான் கட்டிலில ஏறுவினம். நாலு மணித்தியாலம் கையில ஊசியோட படுத்திருக்கிற சனத்துக்குச் சிரிக்க ஒண்டு வேணுமே. இரணைமடு எண்டு பேர் வாங்கின ஆளை முழுப் பிரிவும் நக்கலடிக்கும். அடுத்த முறை அந்த ஆள் குறைச்சுக்கொண்டு வரும். பலன் இருந்தது. பெரிய டொக்டர் கூட ஒருநாள் பாத்துச் சிரிச்சுப்போட்டு, "நல்ல யோசனை சிஸ்டர்" எண்டவர். எனக்கு அண்டைக்குக் கால் நிலத்தில படேல்லை.

ஒரு ஐயா எங்களிட்ட வரத் தொடங்கி ஒரு வருசம் இருக்கும். குளத்துக்குக் கீழ ரெண்டு ஏக்கர் வயல். தாய் தேப்பன் யாழ்ப்பாணத்தால குடியேற்றத் திட்டத்துக்கு வந்த ஆக்கள். இவர் தங்கட வாய்க்காலுக்குப் பொறுப்பாய் இருந்தவர். துருசு, அதாவது குளத்து மதகு, திறக்கேக்க எந்த வயலுக்கு எத்தினை மணித்தியாலம் தண்ணி எண்டு பங்கிடுறது இவற்ற வேலை. கடைசி வயல்க்காரனுக்கும் தண்ணி போய்ச் சேரும் வரைக்கும் அவர் வீட்டை வாறதில்லை எண்டு அவற்ற மனிசி சொல்லுவா. கதை குறைஞ்ச மனிசன். திங்களும் வியாழனும் ரெண்டு பேரும் காலமை முதல் பஸ்ஸில வருவினம். மனிசியின்ர பையுக்க ஒரு தண்ணிப் போத்தல் இருக்கும். அதில பேனையால கோடு கோடாய்ப் போட்டிருப்பார். காலமைக்கு இவ்வளவு, மத்தியானத்துக்கு இவ்வளவு, குளிசைக்கு இவ்வளவு. தன்ர தொண்டைக்கும் முறை வைச்சுத்தான் தண்ணி விட்டவர்.

ஒரு வருசமாய் அவர் துரவைத் தாண்டினதில்லை. அந்த மாசம்தான் மாறினது. முதல் ரெண்டு கிலோ. அடுத்த முறை ரெண்டு கிலோ நூறு. பிறகு ரெண்டு கிலோ அறுநூறு. பலகையில வவுனிக்குளம் முத்தையன்கட்டாய்ப் போச்சு. கால் வீங்கிச்சுது. மெசினில போட்டு ஒரு மணித்தியாலம் போக முதல் பிரசர் விழும். கண் சொருகும், வேர்க்கும். நாங்கள் காலை உயத்தி, கொஞ்சம் சேலைன் விட்டு, தண்ணி இழுக்கிறதை நிப்பாட்டுவம். பிரசர் எழும்பும். அப்பிடியே நேரத்தை முடிச்சு வீட்டை அனுப்புவம்.

"கனக்கக் குடிச்சிட்டு வந்தால் கனக்க இழுக்கவேணும், கனக்க இழுத்தால் பிரசர் விழும்தானே ஐயா," எண்டு சொன்னன். புத்தகத்தில இருக்கிறதைத்தான் சொன்னன். வழக்கமாய் அதுதான் காரணமும்.

"நான் குடிக்கேல்லை மிஸ்ஸி," எண்டார்.

"உங்கட தலையில அடிச்சுச் சத்தியம், அவர் போத்தலைத் தாண்டுறேல்லை," எண்டு மனிசி குறுக்க வந்தா. நான் அவாவை ஒரு பார்வை பாத்தன். குடிக்கேல்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை.

அதுக்கிடையில ஒருநாள் நெஞ்சு குத்துது எண்டும் சொன்னவர். மல்லாந்து படுத்தால் கூடக் குத்துதாம், எழும்பிக் குனிஞ்சு இருந்தால் சுகமாம். "காஸ்ரிக் ஐயா, வெறும் வயித்தோட பஸ்ஸில வந்தால் வேற என்ன வரும்?" எண்டன். குளிசை ஒண்டு வாங்கிக் குடுத்தன். இருதயத்தைச் சுத்தியிருக்கிற பையில அழற்சி வந்தால் அப்பிடித்தான் குத்தும், குனிஞ்சால் குறையும். சிறுநீரகம் போன ஆக்களுக்கு அது வரும். நான் படிச்சனான். பரீட்சையில எழுதிச் சித்தியும் அடைஞ்சனான்.

திங்கக்கிழமை தராசு ஐம்பத்தைஞ்சு இருநூறு காட்டினது. உலர் நிறை ஐம்பத்திரண்டு. மூண்டு கிலோ இருநூறு. நான் பலகையில இரணைமடு எண்டு பெரிசாய் எழுதினன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னனான், இல்லையெண்டு சொல்லேலாது. "ஊருக்கெல்லாம் தண்ணி பங்கிட்ட மனிசன், தன்ர வாய்க்குத் துருசு போடத் தெரியேல்லை. அந்தத் தண்ணி வானத்தால வந்ததோ ஐயா?"

மற்றக் கட்டில்களில சிரிச்சினம். அவர் சிரிக்கேல்லை. பலகையைப் பாத்துக்கொண்டு இருந்தார். மனிசியை வெளியில கூட்டிக்கொண்டு போய் இன்னும் சொன்னன். "அம்மா, பாவம் பாக்காதேங்கோ. உங்களுக்குத் தெரியாமல் கிணத்தடியில குடிப்பார். எத்தினை பேரைப் பாத்தனான். தராசு பொய் சொல்லாது." அண்டைக்கு அவா சத்தியம் பண்ணேல்லை. "நான் பாக்கிறன் மிஸ்ஸி," எண்டு மட்டும் சொன்னா.

வியாழக்கிழமை காலமை பஸ்ஸால இறங்கி வாசலுக்கு வர அவருக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. நாலு அடி வைச்சு நிண்டு நிண்டு வந்தார். உதடு வெடிச்சுப்போய் இருந்தது. தராசில ஏறி இலக்கத்தைக் குனிஞ்சு பாத்தார். ஐம்பத்தைஞ்சு நூறு. நல்லாய்க் குறைஞ்சிருக்கும் எண்டு எதிர்பாத்திருக்கிறார் எண்டது முகத்தில தெரிஞ்சுது. இறங்காமல் நிண்டுகொண்டு, "இது சரியோ மிஸ்ஸி?" எண்டு கேட்டார்.

"தராசைக் குறை சொல்லாதேங்கோ," எண்டன். பலகையில மூண்டு கிலோ நூறு எண்டு எழுதினன். இரணைமடு எண்ட சொல் திங்கக்கிழமையில இருந்து அப்பிடியே கிடந்தது, அதை அழிக்க வேண்டி வரேல்லை.

மூச்சு வாங்கிச்சுது. கழுத்து நரம்பு புடைச்சிருந்தது, கால் வீக்கம். தண்ணி கூடிப்போச்சு எண்டுதான் எல்லாருக்கும் பட்டது. அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம். மூண்டு லீற்றர் இழுக்கச் சொல்லி மெசினில போட்டன். ரத்தம் குழாயில உறையாமல் இருக்க ஹெப்பரினும் வழக்கம்போலக் குடுத்தன்.

இருபத்தைஞ்சு நிமிசத்தில மெசின் கத்தினது. பிரசர் பாக்கிற தானியங்கிப் பட்டி கையை நெரிச்சு விட்டுது, இலக்கம் வரேல்லை. திரும்பப் போட்டன், திரும்பவும் பிழை எண்டு காட்டினது. பட்டி பழசு எண்டு நினைச்சன். கட்டில் தலைமாட்டை இறக்கி, காலை உயத்தினன். மனிசன் இரண்டு கையாலயும் என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு எழும்பப் பாத்தார். ஒரு சொல்லும் வரேல்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடினது. நான் உடனே தலைமாட்டை உயத்தி விட்டன். அவர் முன்னுக்குச் சாஞ்சு என்ர தோளில நெத்தியை வைச்சார்.

அப்பதான் நாடியைப் பிடிச்சன். கையில நாடி இருந்தது, பிறகு இல்லை, பிறகு இருந்தது. துடிப்புத் தப்புது எண்டு நினைச்சு மொனிற்றரைப் பாத்தன். அதில துடிப்பு ஒண்டும் தப்பேல்லை, நூற்றி முப்பது எண்டு ஒரே சீராய் ஓடினது. திரும்பக் கையைப் பாத்தன். அவர் மூச்சை உள்ளுக்கு எடுக்கேக்க நாடி காணாமல் போகுது. வெளியில விடேக்க வருது.

அலுமாரிக்க பழைய கைப்பிரசர் பெட்டி ஒண்டு இருந்தது. எடுத்துக் கட்டி, ஸ்ரெதஸ்கோப்பை வைச்சு, காத்தை மெள்ள மெள்ள விட்டன். தொண்ணூற்றாறில முதல் சத்தம் கேட்டது. மூச்சு விடேக்க மட்டும். மூச்சு எடுக்கேக்க ஒண்டுமில்லை. இன்னும் இறக்கினன். தொண்ணூறு, எண்பத்தைஞ்சு, எண்பது, அப்பவும் அப்பிடித்தான். எழுபத்துநாலில வந்த பிறகுதான் எடுக்கேக்கையும் விடேக்கையும் எல்லாத் துடிப்பும் கேட்டது. இருபத்திரண்டு வித்தியாசம். எல்லாருக்கும் மூச்சு எடுக்கேக்கப் பிரசர் கொஞ்சம் இறங்கும், ஆனால் பத்தைத் தாண்டாது. தானியங்கிப் பட்டிக்கு இதைப் பிடிக்கத் தெரியாது. அது குழம்பிப்போய்த்தான் பிழை எண்டு காட்டினது. பட்டியில பழுதில்லை.

தண்ணி இழுக்கிறதை நிப்பாட்டினன். ஹெப்பரினை நிப்பாட்டினன். வாட்டில நிண்ட டொக்டரைக் கூப்பிடச் சொன்னன். சின்னப் பிள்ளை அவா, வந்து எட்டு மாசம் இல்லை. ஆனால் நிதானமான ஆள். முதுகில வைச்சுக் கேட்டுப்போட்டு, "நுரையீரல் சுத்தமாய் இருக்கே சிஸ்டர். தண்ணி கூடின ஆளுக்கு இப்பிடி இருக்காதே," எண்டா. பிறகு நெஞ்சில வைச்சா. கன நேரம் கேட்டா. "இருதயச் சத்தம் தூரத்தில கேட்குது."

நான் அந்த இருபத்திரண்டைச் சொன்னன். அவாவின்ர முகம் மாறினது.

பிரசவ வாட்டில இருந்து ஸ்கான் மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தம். இருதயம் திரையில தெரிஞ்சுது, அதைச் சுத்திக் கறுப்பாய் ஒரு வளையம். அது முழுக்கத் தண்ணி. இருதயத்துக்கு வெளியில ஒரு பை இருக்கு. வழக்கமாய் அதுக்க ரெண்டு மூண்டு தேக்கரண்டி ஈரம்தான் இருக்கும். அழற்சி வந்தால் தண்ணி ஊறும். மெள்ள மெள்ள ஊறினால் பையும் இழுபட்டு இடம் குடுக்கும். அதாலதான் ஒரு மாசமாய் அந்த மனிசன் நடந்து திரிஞ்சவர். ஆனால் அந்தப் பைக்கும் ஒரு எல்லை இருக்கு. அந்த எல்லைக்கு வந்த பிறகு ஒரு கரண்டி கூடினாலும் பை இடம் விடாது, இருதயத்தைத்தான் நெரிக்கும். சுவர் மெல்லிசான வலப்பக்கம் முதல் நெரிபடும். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இருதயம் விரிஞ்சு ரத்தத்தை வாங்கவேண்டிய நேரத்தில அந்தச் சுவர் உள்ளுக்க மடங்கிறதைத் திரையில கண்ணால பாத்தம். ரத்தம் உள்ள வரேலாட்டி வெளியில எதை அனுப்புறது? கழுத்து நரம்பு புடைச்சதும் கால் வீங்கினதும் அதாலதான். வாசலில நிண்டு ரத்தம் உள்ள போக வழியில்லாமல் தேங்கினது.

நாடி காணாமல் போறதும் அந்தப் பையாலதான். மூச்சு எடுக்கேக்க நெஞ்சு ரத்தத்தை வலப்பக்கத்துக்கு உறிஞ்சும். வலப்பக்கம் வெளிப்பக்கமாய் விரிய இடமில்லை, நடுச்சுவரை இடப்பக்கத்துக்குத் தள்ளித்தான் விரியும். இடப்பக்கத்துக்கு இடம் குறையும். அந்தத் துடிப்பில கைக்கு வந்து சேர ரத்தம் காணாது.

இப்ப நாங்கள் செய்ததை நினைச்சுப் பாருங்கோ. அந்த நெரிசலுக்குள்ள ரத்தத்தைத் தள்ளுறதுக்கு நரம்புக்குள்ள இருக்கிற அழுத்தம் ஒண்டுதான் அவருக்கு மிச்சமாய் இருந்தது. அந்த அழுத்தத்தைத்தான் நான் மெசினால இழுத்துக்கொண்டு இருந்தனான். அழற்சி வந்த பைக்க ரத்தம் கசியும் எண்டு தெரிஞ்சால் ஹெப்பரின் குடுக்கவே கூடாது. ஒரு மாசமாய்க் கிழமைக்கு ரெண்டு தரம் குடுத்தனான்.

கிளினிக்கில இருந்த பெரிய டொக்டர் ஓடி வந்தார். "யாழ்ப்பாணத்துக்கு ஏத்துவமோ சேர்?" எண்டு சின்ன டொக்டர் கேட்டா. அவர் திரையைப் பாத்துப்போட்டு, "ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேணும். இவரிட்ட அது இல்லை," எண்டார். இந்த வருத்தத்துக்கு மருந்து கிடையாது. சேலைன் கொஞ்சம் விட்டுப் பிடிச்சு வைக்கலாம், அது ஊசி எடுத்து வரும் வரைக்கும்தான். பைக்க இருக்கிறது வெளியில வரவேணும்.

அதுக்கெண்டு இருக்கிற குழாய் எங்களிட்ட இல்லை. கழுத்து நரம்புக்குப் போடுற மெல்லிய குழாய்ப் பெட்டி இருந்தது, நான் எடுத்துக் குடுத்தன். அவரை இருத்தின மாதிரியே சாய்ச்சு, நெஞ்செலும்பு முடியிற இடத்துக்குக் கீழ விறைப்பு ஊசி போட்டு, ஸ்கானைப் பாத்துப் பாத்து நீள ஊசியை இடத் தோள் பக்கமாய் விட்டார். பிஸ்டனை இழுக்க, கறுத்த ரத்தம் மாதிரி வந்தது. பெரிய ஊசிக்குழாய் ஒண்டு நிறைஞ்சுது. ஐம்பது மில்லி. ஒரு குட்டித் தேத்தண்ணிக் கோப்பை அளவும் வராது.

என்ர விரல் அவற்ற நாடியில இருந்தது. மூச்சு எடுத்தார். நாடி போகேல்லை. அந்த ஐம்பது மில்லி வெளியில வந்த உடனே பிரசர் நூறைத் தாண்டினது. இத்தினை வருசத்தில நான் பாத்த எந்த மருந்தும் அவ்வளவு கெதியாய் வேலை செய்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. நான் அழுகிற ஆள் இல்லை.

நானூறு வரை எடுத்துக் குழாயை உள்ளுக்கயே தைச்சு விட்டார். மனிசன் கண் முழிச்சார். முகத்துக்கு நிறம் வந்தது. "என்ன ஐயா, எப்பிடி இருக்கு?" எண்டு சின்ன டொக்டர் கேட்க, "நெஞ்சில இருந்த கல்லு இறங்கீட்டுது," எண்டார். மெள்ளத் தண்ணி கேட்டார். "குடுங்கோ, ஒரு வாய் குடிக்கட்டும்," எண்டு அவா ஒரு கப்பை நீட்டினா.

அவர் கப்பை வாங்கேல்லை. என்னைப் பாத்தார். "மிஸ்ஸி ஏசுவா," எண்டார்.

"நான் ஏசமாட்டன் ஐயா, குடியுங்கோ," எண்டன். உதட்டை மட்டும் நனைச்சுப்போட்டுக் கப்பைத் திருப்பித் தந்தார். "பலகையில கூட்டி எழுதாதேங்கோ," எண்டார். பகிடிக்குச் சொல்லேல்லை.

வந்தது ரத்தம் கலந்த தண்ணி எண்டதால திரும்பவும் ஊறும், சத்திரசிகிச்சை செய்யிற இடத்துக்குப் போகத்தான் வேணும் எண்டு முடிவாச்சு. ஹெப்பரினை முறிக்கிற மருந்தும் குடுத்தாச்சு. அம்புலன்சில சின்ன டொக்டரும் நானும் பின்னுக்கு, மனிசி முன்னுக்குச் சாரதியோட. பத்தரை மணி இருக்கும். அவர் சாஞ்சு இருந்தார், என்ர விரல் அவற்ற கையில. பரந்தன் வரை குழாயால சொட்டுச் சொட்டாய் வந்துகொண்டு இருந்தது. பரந்தன் சந்தி கழிஞ்ச பிறகு நிண்டுபோச்சு.

எல்லாம் வந்து முடிஞ்சதாக்கும் எண்டுதான் முதல் நினைச்சன். ஒரு ரெண்டு நிமிசம் நல்லாய்த்தான் இருந்தார். பிறகு சாஞ்சிருந்த மனிசன் மெள்ள முன்னுக்குக் குனியத் தொடங்கினார். அவர் மூச்சு எடுத்தார், என்ர விரலுக்குக் கீழ நாடி மெலிஞ்சுது. அடுத்த மூச்சுக்கு இல்லாமல் போச்சு.

"டொக்டர், திரும்ப வந்திட்டுது," எண்டன்.

அவா ஊசிக்குழாயை வைச்சு இழுத்தா. வரேல்லை. சேலைனால தள்ளிப்போட்டு இழுத்தா. ஒரு நூல் மாதிரி உறைஞ்ச ரத்தம் வந்து அதோட அடைச்சுது. ஆனையிறவுக்க போய்க்கொண்டு இருக்கிறம், வாகனம் குலுங்குது. "நிப்பாட்டுங்கோ," எண்டு அவா கத்தினா. சாரதி ஓரங்கட்டினார். ரெண்டு பக்கமும் கடல்நீரேரித் தண்ணி, வெய்யில் பட்டுக் கண் கூசுது. ஸ்கான் இல்லாமல், பழைய துளைக்குப் பக்கத்திலயே அவா இன்னொரு ஊசி விட்டா. இடம் பிசகேல்லை, அதை நான் எங்கையும் வந்து சொல்லுவன். பத்து மில்லி வந்தது. மிச்சம் எல்லாம் உள்ளுக்க கட்டியாய் உறைஞ்சிட்டுது. கட்டி ஊசியால வராது.

முன் சீற்றில இருந்து மனிசி திரும்பிப் பாத்து, "ஏன் மிஸ்ஸி நிப்பாட்டினது?" எண்டு கேட்டா. மொனிற்றரில துடிப்பு அப்பவும் ஓடிக்கொண்டு இருந்தது. கையில ஒண்டுமில்லை. நெஞ்சை அமத்தினம். நெரிபட்ட இருதயத்துக்கு வெளியில இருந்து அமத்தி என்ன? எண்டாலும் அமத்தினம், யாழ்ப்பாணம் போய்ச் சேரும் வரைக்கும் மாறி மாறி அமத்தினம்.

ஆரும் என்னைக் குற்றம் சொல்லேல்லை. பெரிய டொக்டர், "நாடியைப் பிடிச்சுக் கண்டுபிடிச்சதே நீங்கள்தான் சிஸ்டர்," எண்டார். அதைக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த நாள் மத்தியானம், எல்லாரும் போன பிறகு, அவற்ற சிகிச்சைக் கோவையை எடுத்து மேசையில விரிச்சன். வந்த நிறை ஒரு நிரல், போன நிறை ஒரு நிரல். ரெண்டும் என்ர கையெழுத்து.

திங்கக்கிழமை ஐம்பத்தைஞ்சு இருநூறோட வந்தவர், பிரசர் விழுந்து நாங்கள் இழுக்கிறதை நிப்பாட்டினதால ஐம்பத்துநாலு எண்ணூறோட போயிருக்கிறார். வியாழக்கிழமை ஐம்பத்தைஞ்சு நூறு. இடையில கூடினது முந்நூறு கிராம். அது சாப்பிட்ட சோற்றில இருந்த தண்ணி மட்டும்தான். அதுக்கு முந்தின கிழமையளையும் பாத்தன். தொள்ளாயிரம், ஒரு கிலோ, அவ்வளவுதான் ஒவ்வொரு முறையும். பழைய துரவுக் கணக்குத்தான். மிச்சம் எல்லாம் போன முறையும் அதுக்கு முந்தின முறையும் நாங்கள் எடுக்காமல் விட்ட தண்ணி. நான் உலர் நிறையில இருந்துதான் கழிச்சனான், போன நிறையில இருந்து கழிக்கேல்லை. பலகையில அந்தக் கணக்குக்கு இடமே வைக்கேல்லை. நாங்கள் மிச்சம் விட்ட தண்ணிக்குத்தான் அவருக்கு இரணைமடு எண்டு பேர் வைச்சனான். பிரசர் ஏன் விழுது எண்டு ஒருக்கால் கேட்டிருந்தால், ஒரு மாசத்துக்கு முதலே ஸ்கான் மெசினைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பம். நான் கேட்கேல்லை, எனக்கு மறுமொழி தெரியும் எண்டு நினைச்சனான்.

பலகையை அழிச்சன். சனம் ஏன் எண்டு கேட்டது. மை முடிஞ்சுது எண்டு சொன்னன்.

அவற்ற முப்பத்தோராம் நாள் கிரியை முடிய மனிசி வந்தா. அவருக்கு ரத்தம் ஊறப் போடுற ஊசி மூண்டு மிஞ்சி இருந்ததாம், ஐஸ் பெட்டியில வைச்சு பஸ்ஸில கொண்டு வந்திருந்தா. "வேற ஆருக்கும் உதவும்," எண்டு மேசையில வைச்சா. பையுக்க கையை விட்டு அந்தப் போத்தலையும் எடுத்து வைச்சா. கோடு போட்ட போத்தல். மேல் கோடு வரை தண்ணி இருந்தது.

"அந்தக் கடைசித் திங்கக்கிழமை இஞ்ச இருந்து போய் நிரப்பி வைச்சவர். அலுமாரிக்குப் பின்னால இருந்தது, நேற்றுத்தான் கண்டனான்," எண்டா. "வியாழன் வரைக்கும் ஒரு சொட்டுக் குறையேல்லை, பாருங்கோ."

அப்ப சொல்லாட்டி நான் பிறகு சொல்லமாட்டன் எண்டு எனக்குத் தெரியும். கோவையை எடுத்துக் காட்டி, முந்நூறு கிராம் கணக்கையும் சொன்னன். "அவர் குடிக்கேல்லை அம்மா. ஒரு நாளும் கூடக் குடிக்கேல்லை. பிழை என்ர கணக்கில. நான் விட்ட பிழை," எண்டன். அடிக்கட்டும், கத்தட்டும், முறைப்பாடு எழுதட்டும் எண்டு நிண்டன்.

அவா விரலை வைச்சு அந்த இலக்கங்களை ஒவ்வொண்டாய்ப் படிச்சா. படிக்கத் தெரிஞ்ச ஆள்தான்.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிணத்தடிக்குப் போனவர்," எண்டா. "முகம் கழுவத்தான் போறன் எண்டு சொன்னவர். நான் நம்பேல்லை. ஓடிப்போய் வாளியைப் பறிச்சனான். இந்த வயசில களவாய்க் குடிக்க வெக்கமில்லையோ எண்டு கேட்டனான், தராசு பொய் சொல்லாது எண்டனான். அதுக்குப் பிறகு அவர் என்னோட கதைக்கவே இல்லை, மிஸ்ஸி. பஸ்ஸிலயும் கதைக்கேல்லை."

போத்தலைத் திரும்பப் பையுக்க வைச்சுக்கொண்டு எழும்பினா. மத்தியான பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு சொல்லிப்போட்டு நடந்து போனா.